விளம்பர நிறுவனம் காட்டும் "ஒரு வாடிக்கையாளருக்கு 200" என்ற கணக்கை நம்பும் முன்

இணையவழி விற்பனை செய்யும் எங்கள் சிறு நிறுவனத்துக்கு ஓராண்டுக்கும் மேலாக விளம்பரம் செய்துவந்த ஒரு நிறுவனம், கட்டணத்தை உயர்த்தக் கேட்டபோது ஒரு காலாண்டு அறிக்கையை ஆதாரமாக வைத்தது. விளம்பரச் செலவு 1,00,000. கிடைத்த வாடிக்கையாளர்கள் 500. ஆகவே ஒருவரைப் பெற 200 செலவாகிறது. ஒரு வாடிக்கையாளர் ஆண்டுக்கு 2,400க்கு வாங்குகிறார். எனவே செலவைப் போல 12 மடங்கு திரும்பி வருகிறது என்பது அவர்கள் வாதம். அதே வழியில் வேறு பலரும் ஏமாற வாய்ப்பிருப்பதால், அந்தக் கணக்கு எங்கெங்கே திரிக்கப்பட்டிருந்தது என்பதை எழுதுகிறேன்.

அந்த 500 என்பது விளம்பரத் தளத்தில் Conversions என்ற பத்தியில் இருந்த எண். அது ஆர்டர்களின் எண்ணிக்கையே தவிர, புதிய மனிதர்களின் எண்ணிக்கை அன்று. விளம்பர இணைப்பு வழியாக வந்த ஆர்டர்களின் தொலைபேசி எண்களை எங்கள் பழைய பில்களோடு ஒப்பிட்டபோது, 300 ஆர்டர்கள் ஏற்கெனவே எங்களிடம் வாங்கிக்கொண்டிருந்தவர்களுடையவை என்று தெரிந்தது. எங்கள் பெயரையே தேடி வந்தவர்களுக்கும், முன்பே தளத்தைப் பார்த்துச் சென்றவர்களுக்கும் விளம்பரத்தைக் காட்டி, தானாக வரவிருந்த விற்பனையைத் தங்கள் கணக்கில் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். உண்மையில் புதியவர்கள் 200 பேர்தான். விளம்பரச் செலவில் சேர்க்காமல் விட்ட அவர்களது கட்டணமும் படப்பிடிப்புச் செலவும் 40,000. ஆக, 1,40,000ஐ 200ஆல் வகுத்தால் ஒருவருக்கு 700 ஆகிறது.

மறுபக்கத்தில் இருந்த 2,400 இதைவிட மோசமான எண். பல ஆண்டுகளாக எங்களிடம் வாங்கும் பழையவர்களையும் சேர்த்து எடுத்த சராசரி அது; விளம்பரம் பார்த்து வந்தவர் அப்படி வாங்குவார் என்பதற்கு அது சான்றாகாது. விளம்பரம் வழியாக முதன்முறை வாங்கி 12 மாதங்கள் நிறைவு செய்தவர்களை மட்டும் தனியே பிரித்துப் பார்த்தபோது, பாதிப் பேர் ஒருமுறையோடு நின்றுவிட்டிருந்தார்கள்; சராசரி 1,500தான். அதிலும் சரக்கு விலை, அனுப்பும் செலவு ஆகியவை போக எங்கள் கையில் நிற்பது 40 விழுக்காடு, அதாவது 600. 700 கொடுத்து 600 பெற்றுக்கொண்டிருந்தோம்.

ஓராண்டுக்குள் செலவு திரும்பாவிட்டாலும், இரண்டாம் ஆண்டிலும் வாங்குவோர் போதிய அளவு இருந்தால் அந்த விளம்பரம் நியாயமானதே. ஆனால் அதை நிரூபிக்க வேண்டியது விளம்பரம் செய்பவர். நாங்கள் ஆர்டர் எண்களின் பட்டியலைக் கேட்டபோது, விளம்பரக் கணக்கு தங்கள் பெயரில் இருப்பதாகச் சொல்லித் தர மறுத்தார்கள். கட்டணத்தையும் திருப்பித் தரவில்லை. ஆகவே ஒப்பந்தம் போடும்போதே விளம்பரக் கணக்கை உங்கள் பெயரில் தொடங்கச் சொல்லுங்கள். பழைய வாடிக்கையாளர் பட்டியலை விலக்கிவிட்டு, புதியவர்களை மட்டும் தனி வரியில் காட்டும் அறிக்கையை மாதந்தோறும் தர வேண்டும் என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.