முளைகட்டிய பயறைப் படத்தில் பார்த்துச் சொல்லுதல்: எவ்வளவு தூரம் நம்பலாம்?

சுங்கை சிப்புட்டில் எங்கள் உறவிலும் தாமானிலும் பச்சைப்பயறோ கொண்டைக்கடலையோ முளைகட்டுகிறவர்கள், சந்தேகம் வந்தால் கைப்பேசியில் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்பி, சாப்பிடலாமா என்று கேட்பது பல ஆண்டு வழக்கம். இத்தனை காலம் பார்த்ததில் எனக்கு உறுதியாகத் தெரிவது இதுதான்: படத்தைப் பார்த்து "கொட்டிவிடுங்கள்" என்று சொல்ல முடியும், "பயமில்லாமல் பச்சையாகவே சாப்பிடுங்கள்" என்று சொல்லவே முடியாது.

அதிகம் வரும் கேள்வி வெள்ளைப் பஞ்சு பற்றியது. முளையின் வேரில் மெல்லிய தூவிகள் வளர்வது இயல்பு. அவை வேரின் நுனியைச் சற்று விட்டுத் தள்ளி, வேரைச் சுற்றி ஒரே சீராக நிற்கும்; நுனி மட்டும் வழவழவென்று வெறுமையாக இருக்கும். தண்ணீரில் அலசினால் அவை வேரோடு ஒட்டிப் படிந்து கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். பூஞ்சணம் அப்படி இருக்காது. அது தோலின் வெடிப்பிலும் உடைந்த பருப்பிலும் தொடங்கி, ஒரு பயறிலிருந்து பக்கத்துப் பயறுக்கு நூலாம்படைபோல் தாவும். நாளாக ஆகச் சாம்பல், பச்சை, கருப்பு என்று நிறம் மாறும். ஆகவே அலசுவதற்கு முன் ஒன்று, அலசி வடித்த பின் ஒன்று என்று இரண்டு படம் கேட்பேன்.

கொழகொழப்பைப் படத்தில் பிடிப்பது இதைவிடக் கடினம், ஏனென்றால் நனைந்த பயறும் மின்னும், ஊசிப்போன பயறும் மின்னும். ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் எல்லாமே வழவழப்பாகத்தான் தெரியும்; சமையலறையின் மஞ்சள் விளக்கிலோ, நல்ல வெள்ளை முளைகூடப் பழுத்த நிறம் காட்டும். பயறை நன்றாக வடித்து, வெள்ளைத் தட்டில் ஒரே அடுக்காகப் பரப்பி, பகலில் சன்னலோரம் வைத்து, ஃபிளாஷ் இல்லாமல் எடுத்த படம்தான் உதவும். அதோடு ஒரு பயறை இரு விரலால் நசுக்கி, விரல்களை மெதுவாகப் பிரிக்கும் சிறு காணொளியும் வேண்டும். தண்ணீர் என்றால் உடனே அறுந்துவிடும். கெட்டுப்போன பயறு என்றால் விரல்களுக்கு இடையே நூல் விடும்.

கிள்ளானிலிருந்து என் அக்காள் மகள் அனுப்பிய கொண்டைக்கடலை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. முதல் படத்தில் முளைகள் நீளமாக, வெள்ளையாக, பார்க்க நன்றாகவே இருந்தன. "சித்தி, லேசாகப் பிசுபிசுக்கிறது. கழுவிவிட்டுத் தாளிக்கலாமா?" என்று கேட்டிருந்தாள். அலசித் தட்டில் பரப்பி மறுபடி எடுக்கச் சொன்னேன். அந்தப் படத்தில் வேர்கள் சுத்தமாகத்தான் இருந்தன, ஆனால் மூட்டையின் நடுவில் இருந்த கடலைகளின் தோல் மங்கிப் பழுப்பேறியிருந்தது. சில முளைகளின் நுனி கண்ணாடிபோல் வெளிறிக் குழைந்திருந்தது. காணொளியில் நூலும் விட்டது. முகர்ந்து பார்க்கச் சொன்னேன். புளித்த வாடை என்றாள். அதன் பிறகு யோசிக்க ஒன்றுமில்லை.

என்ன நடந்தது என்று விசாரித்தேன். ஒரு நாள் முழுவதும் ஒரே தண்ணீரில் ஊறவிட்டு, பிறகு துணியில் இறுக்கிக் கட்டி, மூடிய டப்பாவில் வைத்திருக்கிறாள். நம் ஊர் வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் பச்சைப்பயறுக்கு ஏழெட்டு மணி நேரமும், கொண்டைக்கடலைக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரமும் போதும். கடலைக்கு இடையில் ஒருமுறை தண்ணீரை மாற்றுவது நல்லது. முளைக்கும் பயறு தானே சூடு விடும். காற்று புகாமல் குவித்து வைத்தால் நடுப்பகுதிதான் முதலில் ஊசும், மேலே இருப்பதை மட்டும் எடுத்த படம் அதைக் காட்டாது. அதனால் கிளறிவிட்டு எடுக்கச் சொல்வேன்.

கழுவித் தாளித்தால் சரியாகிவிடும் என்ற எண்ணம் பல வீடுகளில் இருக்கிறது, அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கவலையாக இருக்கும். சில கிருமிகள் உணவில் விட்டுவைக்கும் நஞ்சு கொதிக்க வைத்தாலும் போகாது. கொழகொழத்ததை முழுவதுமாகக் கொட்டிவிட்டு, துணியை வெந்நீரில் அலசி வெயிலில் காயப்போட வேண்டும்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. சால்மொனெல்லா, ஈ.கோலி போன்றவை விதையிலேயே ஒட்டி வந்து, முளைகட்டும் ஈரத்திலும் சூட்டிலும் பெருகும். நிறம், வாடை, வழவழப்பு எதுவும் மாறாது. 2011-இல் ஜெர்மனியில் முளைவிட்ட வெந்தயத்தால் பரவிய ஈ.கோலி தொற்றில் 50-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதனால் குறையே தெரியாத படம் வந்தாலும், ஆவி பறக்க உள்ளே வரை வேகவைத்துச் சுண்டலாகச் சாப்பிடுங்கள் என்றுதான் பதில் எழுதுகிறேன். வீட்டில் கர்ப்பிணியோ, சிறு பிள்ளையோ, வயதானவரோ, நோயால் உடம்பு தளர்ந்தவரோ இருந்தால் அவர்களுக்குப் பச்சை முளை கொடுக்கவே வேண்டாம் என்றும் சேர்த்து எழுதுவேன்.