சில கிளிக்குகளே பெற்ற விளம்பரக் குழுக்களை எப்படி வரிசைப்படுத்துவது?

டர்பனில் பூஜைப் பொருள்களும் மசாலாத் தூள்களும் விற்கும் ஓர் இணையக் கடையை எடுத்துக்கொள்வோம். சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், பீட்டர்மாரிட்ஸ்பர்க் என்று ஊர்வாரியாகவும் பொருள்வாரியாகவும் பிரித்ததில் 60 விளம்பரக் குழுக்கள் ஆகிவிட்டன. எல்லாவற்றுக்கும் சேர்த்து 2,400 கிளிக்குகளும் 72 வாங்குதல்களும் கிடைத்திருக்கின்றன. அதாவது, மொத்தச் சராசரி 3 சதவீதம். எந்தக் குழுவுக்கு அதிக ரேண்ட் ஒதுக்குவது, எதை நிறுத்துவது என்று முடிவெடுக்க இந்த 60 குழுக்களையும் கன்வெர்ஷன் விகிதப்படி, அதாவது கிளிக் செய்தவர்களில் எத்தனை சதவீதம் பேர் வாங்கினார்கள் என்பதன்படி, வரிசைப்படுத்த வேண்டும். எண்கள் விளக்கத்துக்காக அமைத்தவை. ஆனால் சிறு கடைகளின் கணக்குகள் பெரும்பாலும் இந்த அளவில்தான் இருக்கும்.

நான்கு குழுக்களை மட்டும் பார்ப்போம். நேரடி விகிதம் என்பது வாங்குதலைக் கிளிக்கால் வகுத்தது; கடைசி இரண்டு நிரல்களின் விளக்கம் பின்னால் வருகிறது.

| குழு | கிளிக் | வாங்குதல் | நேரடி விகிதம் | வில்சன் கீழ் எல்லை | சுருக்கிய விகிதம் |
|---|---|---|---|---|---|
| காவடிப் பொருள்கள் | 8 | 2 | 25.0% | 7.1% | 4.1% |
| மசாலாத் தூள் | 210 | 13 | 6.2% | 3.7% | 4.9% |
| ஊறுகாய் | 160 | 1 | 0.6% | 0.1% | 1.8% |
| பித்தளை விளக்கு | 11 | 0 | 0% | 0% | 2.8% |

நேரடி விகிதத்தை நம்பினால் பட்டியலின் உச்சியிலும் அடியிலும் பெரும்பாலும் சிறிய குழுக்களே நிற்கும். 3 சதவீதம் வாங்கும் இடத்தில் 11 கிளிக்குகளில் ஒருவரும் வாங்காமல் போவது மிகச் சாதாரணம். அதற்கான வாய்ப்பு 70 சதவீதத்துக்கும் மேல். ஆனால் 160 கிளிக்குகளில் ஒருவர் மட்டுமே வாங்கியது வேறு செய்தி. நேரடி விகிதமோ ஊறுகாயை விளக்குக்கு மேலே வைக்கிறது. நிறுத்த வேண்டியது எது என்று கேட்டால், அது தவறான குழுவைக் கைகாட்டுகிறது.

இதைத் தவிர்க்கப் பலர் கையாளும் வழி, 100 கிளிக்குகளுக்குக் குறைந்த குழுக்களைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுவது. எளிது, புரியவைப்பதும் சுலபம். ஆனால் இந்தக் கடையில் குழுவுக்குச் சராசரியாக 40 கிளிக்குகளே வருவதால் பெரும்பாலான குழுக்கள் கணக்கிலேயே வராமல் போகின்றன. 99 கிளிக் உள்ள குழு ஒன்றுமே சொல்லவில்லை, 100 ஆனதும் முழு உண்மையைச் சொல்லிவிட்டது என்று கொள்ளவும் எந்த நியாயமும் இல்லை.

அடுத்த போட்டியாளர் வில்சன் இடைவெளியின் கீழ் எல்லை. இதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனெனில் இது பாதுகாப்பான வழி என்று பலரும் எண்ணுகிறார்கள். உண்மையான விகிதம் இருக்கக்கூடிய எல்லைகளைத் தரும் 95 சதவீத நம்பிக்கை இடைவெளியைக் கணக்கிட்டு அதன் கீழ் முனையை மட்டும் வைத்து வரிசைப்படுத்துவதே இதன் முறை. அட்டவணையைப் பாருங்கள்: காவடிப் பொருள்கள் இன்னும் முதலிடத்தில்தான் இருக்கின்றன, விளக்கு இன்னும் கடைசியில்தான் இருக்கிறது. நேரடி விகிதம் தந்த அதே வரிசை மாறாமல் வந்திருக்கிறது! காரணம், இந்த முறை ஒவ்வொரு குழுவையும் தனித்தனியே பார்க்கிறது. மற்ற 59 குழுக்களும் 3 சதவீதத்தைச் சுற்றியே இருக்கின்றன என்ற தகவல் அதற்குத் தெரியாது. அடிப்படை விகிதம் இவ்வளவு சிறியதாக இருக்கும்போது, 8 கிளிக்குகளில் தற்செயலாக விழுந்த இரண்டு வாங்குதல்களே கீழ் எல்லையைக்கூட 7 சதவீதத்துக்குத் தூக்கிவிடுகின்றன. 60 குழுக்களில் ஏதோ ஒன்றிரண்டில் இப்படி நடப்பது எதிர்பார்க்க வேண்டியதே.

நான் பரிந்துரைப்பது சராசரியை நோக்கிச் சுருக்கும் முறையை. ஒவ்வொரு குழுவுக்கும் 3 சதவீத விகிதத்தில் 150 கற்பனைக் கிளிக்குகளைச் சேர்த்துவிட்டுப் பிறகு விகிதத்தைக் கணக்கிடுகிறோம். 150-இல் 3 சதவீதம் 4.5 என்பதால், கிளிக்குகள் B நிரலிலும் வாங்குதல்கள் C நிரலிலும் இருந்தால் விரிதாளில் எழுத வேண்டியது இவ்வளவே:

```
=(C2+4.5)/(B2+150)
```

210 கிளிக் பெற்ற மசாலா தன் சொந்த எண்ணைப் பெரும்பாலும் காப்பாற்றிக்கொள்கிறது. 8 கிளிக் பெற்ற காவடிக் குழு ஏறக்குறைய சராசரிக்கே வந்துவிடுகிறது, ஆனாலும் அதற்கு மேலேதான் நிற்கிறது. ஊறுகாய் உரிய இடமான கடைசிக்கு இறங்குகிறது.

இந்த 150 எங்கிருந்து வந்தது என்பதே கேட்க வேண்டிய கேள்வி. குழுக்களின் விகிதங்கள் தற்செயலாகவே சிதறியிருக்க வேண்டிய அளவைவிட எவ்வளவு கூடுதலாகச் சிதறியிருக்கின்றன என்பதை அளந்து அதைப் பெறுகிறோம். n ஒரு குழுவின் கிளிக், p அதன் நேரடி விகிதம், μ மொத்தச் சராசரி, N மொத்தக் கிளிக், K குழுக்களின் எண்ணிக்கை, Q சிதறலின் அளவு, M நாம் தேடும் கற்பனைக் கிளிக்குகளின் எண்ணிக்கை எனில், தோராயமாக:

```
Q = Σ n(p − μ)² / (μ(1 − μ))
M = N / (Q − (K − 1))
```

குழுக்களிடையே உண்மையான வேறுபாடே இல்லையென்றால் Q சுமார் 59 வர வேண்டும். இங்கே 75 வந்ததாகக் கொண்டால், 2,400-ஐ 16-ஆல் வகுக்க 150 கிடைக்கிறது. Q 59-க்குக் கீழே வந்தால் அந்தத் தரவில் வரிசைப்படுத்துவதற்கு ஒன்றுமில்லை என்று பொருள். அப்போது எந்த முறையில் பட்டியல் போட்டாலும் அது தற்செயலின் பட்டியல்தான்.

இந்த 150 உறுதியான எண் அல்ல. Q-வின் 75-இல் 13-ஐக் காவடிக் குழு ஒன்று மட்டுமே தருகிறது; அதை நீக்கிவிட்டுச் சராசரியையும் புதிதாகக் கணக்கிட்டால் M சுமார் 450-க்குப் போய்விடும். ஆகவே இரண்டு மதிப்புகளையும் வைத்துப் பார்ப்பது அவசியம். 450-ஐ வைத்தால் மசாலா 4.0, காவடி 3.4, விளக்கு 2.9, ஊறுகாய் 2.4 என்று எல்லாம் நெருங்கி வருகின்றன, வரிசை மாறவில்லை. இந்த நான்கையும் பொறுத்தவரை முடிவு M-இன் துல்லியத்தைச் சார்ந்திருக்கவில்லை.

அதைவிடப் பெரிய கேள்வி, எந்தச் சராசரியை நோக்கிச் சுருக்குவது என்பது. பூஜைப் பொருள் குழுக்கள் மட்டும் 600 கிளிக்குகளில் 25 வாங்குதல்களும், மற்றவை 1,800-இல் 47-உம் பெற்றிருந்தால் சராசரிகள் 4.2, 2.6 என்று பிரிகின்றன. M-ஐ 150 என்றே வைத்துக்கொண்டு ஒவ்வொரு குழுவையும் தன் வகையின் சராசரிக்கே இழுத்தால் காவடி 5.2, மசாலா 4.7, முதலிடம் கைமாறிவிடுகிறது. தைப்பூசக் காவடிக்கும் புரட்டாசிக்கும் முன்பு தேடி வருபவர்கள் வாங்கும் எண்ணத்தோடு வருகிறார்கள் என்பதைக் கடைக்காரர் முன்பே அறிந்திருப்பதால் இந்தப் பிரிப்பு நியாயமானது. ஆனால் எந்தக் குழு எந்த வகையில் சேரும் என்பதை முடிவுகளைப் பார்ப்பதற்கு முன்பே எழுதி வைக்க வேண்டும். பார்த்த பிறகு பிரித்தால், நமக்குப் பிடித்த குழு மேலே வரும்வரை பிரித்துக்கொண்டே போகலாம். கடையின் பெயரையே தட்டித் தேடுபவர்களுக்கான குழுக்களை மட்டும் எந்த நிலையிலும் மற்றவற்றோடு கலக்கக் கூடாது. அவர்களின் விகிதம் பல மடங்கு உயர்ந்திருப்பதால் சராசரியையே கெடுத்துவிடும்.

கிளிக் விகிதத்துக்கும் இதே சூத்திரம் பொருந்தும். n, N இரண்டின் இடத்திலும் விளம்பரம் காட்டப்பட்ட எண்ணிக்கை வரும், M-ஐத் தனியே கணக்கிட வேண்டும். அங்கே மாதிரி பெரிது என்பதால் இழுப்பு பெரும்பாலும் குறைவாகவே இருக்கும்.

எந்த முறை நம் கணக்குக்குப் பொருந்துகிறது என்பதைச் சோதிக்க ஒரு நேரான வழி உண்டு. ஒரு மாதத் தரவை வைத்து நேரடி விகிதத்தையும் சுருக்கிய விகிதத்தையும் தனித்தனியே பதிவு செய்து, அடுத்த மாதம் ஒவ்வொரு குழுவிலும் கிடைத்த உண்மையான விகிதத்தோடு ஒப்பிட்டு, வித்தியாசத்தின் வர்க்கத்தை அந்த மாதக் கிளிக்குகளால் பெருக்கிக் கூட்டினால், கூட்டுத்தொகை சிறியதாக உள்ள முறையே அந்தக் கணக்குக்கு ஏற்றது. கிளிக் செய்து சில நாள் கழித்து வாங்குபவர்களும் இருப்பதால், ஒவ்வொரு மாதத்தின் வாங்குதல்களையும் மாதம் முடிந்து குறைந்தது ஒரு வாரமாவது பொறுத்த பிறகே எண்ண வேண்டும்.