மோல்டு மாற்ற 1,200 ரூபாய்: ஆறு வாரத்துக்கு மூன்று லாட் கணக்குகள்

ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனிகளுக்கு சோல் வார்த்துக் கொடுக்கும் ஒரு பட்டறையை எடுத்துக்கொள்வோம். (ஆம்பூர் 2019-லிருந்து திருப்பத்தூர் மாவட்டம். எங்களுக்கு இன்னும் பழைய வட ஆர்க்காடுதான்.) ஒரு மாடலின் மோல்டைக் கழற்றி இன்னொன்றை ஏற்ற வேண்டும், பழைய கலர் மெட்டீரியலைத் தள்ளிக் கழிக்க வேண்டும், முதலில் விழும் சில ஜோடிகளும் வீண்தான். இதற்கெல்லாம் சேர்த்து ஒரு செட்டிங்குக்கு 1,200 ரூபாய் என்று வைப்போம். வார்த்த சோலை ஒரு வாரம் தேக்கி வைக்க ஜோடிக்கு 50 பைசா. அந்தந்த வாரமே போய்விடும் சரக்குக்குத் தேக்கச் செலவு இல்லை. எல்லாம் கணக்குக்காக நான் வைத்த எண்கள்தான். ஒரு செட்டிங்கில் வார்ப்பது ஒரு லாட். எந்த வாரம் எத்தனை ஜோடி வார்ப்பது என்பதை மூன்று முறைகளில் போட்டுப் பார்ப்போம்.

| வாரம் | 1 | 2 | 3 | 4 | 5 | 6 | செலவு (ரூ.) |
|---|---|---|---|---|---|---|---|
| தேவை (ஜோடி) | 800 | 400 | 200 | 3,000 | 500 | 900 | |
| லாட் ஃபார் லாட் | 800 | 400 | 200 | 3,000 | 500 | 900 | 7,200 |
| நிலைக்கால முறை | 1,200 | – | 3,200 | – | 1,400 | – | 5,750 |
| லீஸ்ட் யூனிட் காஸ்ட் | 1,400 | – | – | 3,000 | 1,400 | – | 4,450 |

லாட் ஃபார் லாட்டில் யோசிக்க ஒன்றுமில்லை. அந்த வாரத் தேவையை அந்த வாரமே வார்ப்பது. தேக்கம் பூஜ்யம், செட்டிங் ஆறு. இங்கே காசு அதிகம்தான், ஆனால் ஆர்டர் ரத்தானால் குடோனில் எதுவும் மிஞ்சாது. மாடல் செத்துப்போனால் அதன் சோலை வேறு எதற்கும் மாட்ட முடியாது என்பதால் இது சின்ன விஷயமில்லை.

நிலைக்கால முறையில் முதலில் எத்தனை வாரத்துக்கு ஒரு லாட் என்று முடிவு செய்கிறோம். வாரச் சராசரித் தேவை சுமார் 967. அதற்கு, செட்டிங் செலவும் தேக்கச் செலவும் சேர்ந்து மிகக் குறைவாக விழும் சிக்கன லாட் அளவு 2,154 வருகிறது, அதாவது இரண்டேகால் வாரத் தேவை. அதை இரண்டு வாரம் என்று வைத்துக்கொள்கிறோம். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் மோல்டு ஏறும் என்று ஆட்களுக்கு முன்கூட்டியே தெரியும், இதுதான் இதன் பலம். ஆனால் காலண்டருக்குத் தேவையின் ஏற்ற இறக்கம் தெரியாது. மூன்றாம் வாரத்து 200 ஜோடியோடு நான்காம் வாரத்து 3,000-த்தையும் சேர்த்து வார்த்துவிடுகிறது. ஒரு செட்டிங்கின் 1,200 ரூபாயை மிச்சம் பிடிக்கப்போய் தேக்கத்துக்கு 1,500 ரூபாய் போகிறது.

லீஸ்ட் யூனிட் காஸ்ட் வாரம் வாரமாகச் சேர்த்துக்கொண்டே ஜோடிக்கு என்ன விழுகிறது என்று பார்க்கும். முதல் வாரம் மட்டும் என்றால் 1.50 ரூபாய். இரண்டாம் வாரத்தைச் சேர்த்தால் 1.17, மூன்றையும் சேர்த்தால் 1.14. நான்காவதையும் சேர்த்தால் 1.39 என்று ஏறுகிறது, ஆகவே மூன்றோடு நிறுத்து. இதுவரை சரி.

சிக்கல் நான்காம் வாரத்தில். 3,000 ஜோடிக்கு 1,200 ரூபாய், ஜோடிக்கு 40 பைசா. ஐந்தாம் வாரத்து 500-ஐச் சேர்த்தால் 41.4 பைசா ஆகிவிடுகிறது, உடனே நின்றுவிடுகிறது. பெரிய வாரத்துக்குப் பின்னால் யூனிட் விலை அவ்வளவு தாழ்ந்துவிடுவதால் எதைச் சேர்த்தாலும் ஏறத்தான் செய்யும். இதே முறையை மூன்றாம் வாரத்திலிருந்து தொடங்கினால் தலைகீழாகக் கெடும். 200 ஜோடிக்கு 6 ரூபாய் என்பது 3,000-த்தைச் சேர்த்ததும் 84 பைசாவாக விழுகிறது. பார்க்க ஆசையாக இருக்கும், ஆனால் நிலைக்கால முறை செய்த அதே 1,500 ரூபாய்த் தவறுதான் அது. விகிதத்தைப் பார்க்கிறதே தவிர மொத்த ரூபாயைப் பார்ப்பதில்லை.

அதனால் நான் இதைப் பூர்வாங்கத் திட்டமாக மட்டும் எடுத்துக்கொள்வேன். அப்புறம் ஒவ்வொரு லாட்டையும் அதற்கு முந்தைய லாட்டோடு சேர்த்துப் பார்ப்பேன். கடைசி 1,400 ஜோடியை ஒரு வாரம் முன்னால் நான்காம் வாரத்திலேயே வார்த்தால் கூடுதல் தேக்கம் 700, மிச்சமாகும் செட்டிங் 1,200. மொத்தம் 3,950-க்கு இறங்குகிறது. வாக்னரும் விட்டினும் 1958-இல் தந்த முறையில் போட்டாலும் இந்தத் தேவைக்கு இதுவே மிகக் குறைந்த செலவு.

ஒரு விஷயம், இந்த முறைகள் எதுவும் மெஷினைக் கேட்பதில்லை. 3,000-த்தோடு 1,400 சேர்ந்தால் நான்காம் வாரம் 4,400 ஜோடி. மெஷின் வாரத்துக்கு 3,600 தான் வார்க்கும் என்றால் அது காகிதத்தில் மட்டும் ஓடும். அப்போது நான்காம் வாரம் 3,500, ஆறாம் வாரம் 900 என்று போடுவேன். செட்டிங் எண்ணிக்கை லீஸ்ட் யூனிட் காஸ்டில் வந்த அதே மூன்று, மொத்தச் செலவு 4,250.

செட்டிங் செலவு 1,200 இல்லை, 400 தான் என்று ஃபோர்மேன் நிரூபித்தால் இந்த அட்டவணையையே கிழித்துவிட்டு மறுபடி போட வேண்டும். அந்த விலைக்கு நிலைக்கால முறையே ஒரு வாரத்துக்குச் சுருங்கி, லாட் ஃபார் லாட்டாகவே ஆகிவிடுகிறது.