நிஃப்டி ஃபண்டு, தங்கம், எஃப்டி: மூன்றையும் பல வருஷம் வைத்திருந்தவனின் புலம்பல்

"இன்டெக்ஸ் ஃபண்டிலேயே 50 கம்பெனி இருக்கே, அப்புறம் எதுக்கு தங்கமும் எஃப்டியும்?" என்று ஆபீஸ் நண்பர் கேட்டார். நிஃப்டி 50 ஃபண்டில் 60 சதவீதம், மீதி 40 தங்க ஈடிஎஃப்பிலும் எஃப்டியிலும் என்று பல வருஷமாக ஓட்டுகிறேன். அவருக்குப் பதில் சொல்ல 2020 மார்ச் ஒன்றே போதும்.

அந்த மாதத் தொடக்கத்தில் யெஸ் பேங்க் மீது ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு விதித்தது. அந்தப் பங்கை மட்டும் நம்பியிருந்தவர்கள் திண்டாடிப் போனார்கள். நிஃப்டி ஃபண்டுக்காரர்களுக்கு அது உறைக்கவே இல்லை. ஒரு கம்பெனியின் கெட்ட நேரத்தை 50 கம்பெனி சேர்ந்து கரைத்துவிடும். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் அதே மாதம் கொரோனா பயத்தில் 50 கம்பெனியும் சேர்ந்து விழுந்தன. ஜனவரி நடுவில் 12,362-ல் இருந்த நிஃப்டி மார்ச் 23 அன்று 7,610. கிட்டத்தட்ட 38 சதவீதம் காலி. சந்தையே சரியும்போது 500 கம்பெனி வைத்திருந்தாலும் இதே கதிதான். அங்கேதான் பங்குச்சந்தையோடு சேர்ந்து ஆடாத தங்கமும் எஃப்டியும் வேண்டியிருக்கிறது.

ஒரு லட்சத்தை வைத்துப் பார்ப்போம். முழுக்க நிஃப்டி என்றால் அது 62 ஆயிரமாகியிருக்கும். பழைய இடத்துக்கு வர 61 சதவீதம் ஏற வேண்டும். என் கலவையில் 60 ஆயிரம் சுமார் 37 ஆயிரமாகும், மீதி 40 ஆயிரம் அசையவில்லை என்று வைத்தால் மொத்தம் 77 ஆயிரம். இங்கே 30 சதவீதம் ஏறினால் போதும். அந்த வாரத்தில் எதையும் விற்காமல் நிம்மதியாகத் தூங்கினேன், அதை மறுக்க மாட்டேன்.

எரிச்சல் அதற்கப்புறம்தான். சரியாக ஒரு வருஷத்தில் நிஃப்டி 14,800-ஐத் தாண்டியது. முழு நிஃப்டிக்காரரின் 62 ஆயிரம் 1.2 லட்சமானது. என் கலவை, அந்த 40 ஆயிரம் அப்படியே நின்றதாக வைத்தால், 1.12 லட்சம். தூக்கத்துக்குக் கொடுத்த விலை 8 ஆயிரம்! அதோடு முடிந்ததா? 2021-ல் நிஃப்டி 24 சதவீதம் ஏற, தங்கம் இறங்கியது. விகிதத்தைச் சரிக்கட்ட, ஓடுகிற ஃபண்டை விற்று, வரியும் கட்டி, படுத்துக்கிடக்கும் தங்கத்தை வாங்க வேண்டும். மறு வருஷம் தங்கம் முந்தியது, நிஃப்டி தூங்கியது. மூன்றும் ஒன்றாக ஓடினால் கலந்து வைப்பதில் பயனே இல்லை என்பது தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு வருஷமும் ஏதோ ஒன்றைத் திட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

நண்பரிடம் 60:40 என்றே தொடங்கச் சொன்னேன். என் எஃப்டி ஏப்ரலில் முதிர்கிறது. அதைப் புதுப்பிக்கிற எண்ணம் எனக்கு இல்லை.