ட்யூப் எத்தனை நாள் வந்தது? பருக் கறைகளோடு இருபத்தொரு மாதம்

ஒரு வங்கிக்காகக் கடன் விண்ணப்பதாரர்களின் வீடு தேடிப் போய் விவரம் சரிபார்ப்பது என் வேலை. காலை பத்து மணிக்கு ராயபுரத்தில் இருந்தால் மதியம் ஒரு மணிக்கு மணலியில் இருப்பேன். எல்லாம் இருசக்கர வாகனத்தில்தான். பரு எனக்குப் பள்ளிக் காலத்திலிருந்தே உண்டு. அது போன பிறகு கன்னத்திலும் தாடையிலும் தங்கிவிடும் கறுப்புக் கறைகள்தான் என்னை அதிகம் உறுத்தின. பரு ஒரு வாரத்தில் அடங்கிவிடும், அதன் கறை தீபாவளி, பொங்கல் எல்லாம் கொண்டாடிவிட்டுத்தான் போகும்.

2023 மார்ச்சில், வெயில் தடுப்பு அளவைக் குறிக்கும் எஸ்.பி.எஃப். 50 என்று போட்ட 50 கிராம் சன்ஸ்கிரீன் ட்யூப் ஒன்றும், கறையை மங்கவைக்கும் நியாசினமைடு சீரம் ஒன்றும் வாங்கினேன். ஒரு நாள் விடாமல் பூசினேன். ஐந்து மாதம் கழித்தும் கறைகள் அப்படியே இருந்தன.

இடையில் ஒரு அசட்டுத்தனமும் செய்தேன். மே மாதம் உறவில் ஒரு கல்யாணம். கறை போக ஏதாவது கொடுங்கள் என்று மருந்துக்கடையில் கேட்டபோது, சீட்டு எதுவும் கேட்காமல் ஒரு கிரீமை எடுத்துக் கொடுத்தார்கள். பத்தே நாளில் முகம் பளிச்சென்று ஆகிவிட்டது. நிறுத்திய மூன்றாம் வாரம் தாடை முழுக்கச் சிறு சிறு பருக்கள், சோப்புப் பட்டாலே எரிச்சல். அட்டையை அப்போதுதான் படித்தேன்: ஸ்டீராய்டும், தோலை வெளுக்க வைக்கும் ஹைட்ரோகுயினோனும் கலந்த கிரீம். மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கவே கூடாத வகை. கல்யாணப் புகைப்படத்தில் அழகாக இருக்கிறேன், அதை மறுக்கவில்லை.

ஆகஸ்ட்டில் தோல் மருத்துவரிடம் போனேன். என்ன பூசுகிறீர்கள் என்று கேட்டார். தலைமாணாக்கன் போல ஒப்பித்தேன். அடுத்து அவர் கேட்ட கேள்விதான் எல்லாவற்றையும் மாற்றியது: “சன்ஸ்கிரீன் ட்யூப் எத்தனை நாள் வந்தது?”

மார்ச்சில் வாங்கியது போன வாரம்தான் தீர்ந்தது என்றேன், சிக்கனத்தைப் பாராட்டுவார் என்ற நினைப்பில். அவர் காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். 50 கிராமை 150 நாளுக்கு வகுத்தால் ஒரு நாளைக்குக் கிராமில் மூன்றில் ஒரு பங்கு. முகத்துக்கும் கழுத்துக்கும் ஒரு தடவைக்கு ஒரு கிராமாவது வேண்டும். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால் வருகிற அளவு அது. அட்டையில் போட்டிருக்கும் 50 என்ற எண் அந்தத் தடிமனில் பூசினால்தான் கிடைக்கும். நான் பூசியது பெயருக்கு ஒரு பூச்சு.

கறை ஏன் நிற்கிறது என்பதையும் அவர் விளக்கினார். பருவின் வீக்கம் நிறமி சுரக்கும் செல்களை உசுப்பிவிடுகிறது. நம்மைப் போன்ற மாநிறத் தோலில் அவை இயல்பிலேயே சுறுசுறுப்பானவை. சுரந்த மெலனின் என்ற அந்த நிறமி மேல்தோலில் இருந்தால் கறை பழுப்பாகத் தெரியும், தோல் உதிர்ந்து புதுப்பிக்கும்போது மெல்ல வெளியேறும். அதற்குள் வெயில் மறுபடி உசுப்பினால், உதிர்கிற அளவுக்குப் புதிதாகச் சேர்ந்துவிடும். மெலனின் கீழ்த்தோலுக்குள் இறங்கிவிட்டால் நிறம் சாம்பல் நீலமாகத் தெரியும், அது கரைய வருடக்கணக்கில் ஆகலாம். என் முகத்தில் எண்ணியபோது மொத்தம் 23 கறைகள். அதில் மூன்று சாம்பல் நிறம்.

அவர் எழுதிக் கொடுத்தது நீளமான பட்டியல் அல்ல. புதிய பரு வராமல் இருக்க இரவில் அடாபலீன் 0.1 சதவீத ஜெல், முதலில் ஒரு நாள் விட்டு ஒரு நாள். காலையில் அசெலாயிக் அமிலம் 10 சதவீதம், அது பருவையும் அடக்கும், மெலனின் உற்பத்தியையும் குறைக்கும். கையில் இருந்த நியாசினமைடைத் தொடரச் சொன்னார். பிறகு சன்ஸ்கிரீன், ஆனால் தோல் நிறம் கலந்த வகை. கண்ணுக்குத் தெரியும் ஒளியும் மாநிறத் தோலின் கறையைக் கருக்க வைக்கும். சாதாரண சன்ஸ்கிரீன் அதைப் பெரும்பாலும் தடுக்காது, நிறத்துக்காகச் சேர்க்கும் இரும்பு ஆக்சைடு தடுக்கும். ஹெல்மெட்டின் கண்ணாடி மறைப்பு தெளிவானதாக இருந்தால் அந்த ஒளி தாராளமாக உள்ளே வரும்.

சென்னையில் இதைக் கடைப்பிடிப்பது வேறு கதை. ஒரு கிராம் பூசிக்கொண்டு வாகனத்தில் ஏறினால் தண்டையார்பேட்டை தாண்டுவதற்குள் வியர்வையோடு கண்ணில் இறங்கி எரியும். கண்ணைச் சுற்றி மட்டும் துத்தநாக ஆக்சைடு உள்ள குச்சி வகை சன்ஸ்கிரீனுக்கு மாறினேன், எரிச்சல் நின்றது. கைக்குட்டையால் அழுத்தித் துடைக்கும் பழக்கத்தை விட்டு ஒற்றி எடுக்கப் பழகினேன். வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பூச வேண்டும் என்பது விதி. எனக்கு மதியம் ஒரு முறைதான் முடிந்தது: வெறும் தண்ணீரில் முகம் கழுவி, மின்விசிறிக்குக் கீழே வியர்வை அடங்கும்வரை உட்கார்ந்துவிட்டுப் பூசுவேன். வெள்ளைச் சட்டைகளின் காலர்கள் பழுப்பேறின. ட்யூப் 25 நாளில் தீர்ந்தது. செலவு கடிக்கத்தான் செய்தது.

ஒவ்வொரு மாதமும் முதல் தேதி காலை ஏழு மணிக்கு, ஒரே ஜன்னலுக்கு எதிரில், விளக்கை அணைத்துவிட்டுப் படம் எடுத்தேன். கைப்பேசியில் முகத்தைத் தானாக மெருகூட்டும் வசதியை நிறுத்தாததால் முதல் படம் பொய்யாகிவிட்டது, மறுநாள் திரும்ப எடுத்தேன்.

முதல் மூன்று மாதத்தில் ஒரு கறையும் போகவில்லை. அசெலாயிக் அமிலம் ஆரம்ப வாரங்களில் ஊசி குத்துவது போல அரித்தது. அவசரப்பட்டு அடாபலீனைத் தினமும் பூசியதில் மூக்கோரம் தோல் உரிந்து, அந்த இடமே பழுப்பானது. கறையைப் போக்கும் மருந்தே எரிச்சல் தந்தால் புதுக் கறை போட்டுவிடும் என்பதை அப்படித்தான் கற்றேன். ஆனால் அக்டோபர் நடுவில் புதுப் பருக்கள் ஏறக்குறைய நின்றன, நவம்பர் படத்தில் நான்கைந்து கறைகளின் ஓரம் மட்டும் வெளுத்திருந்தது. கண்ணாடியில் பார்த்து இதைக் கண்டுபிடித்திருக்கவே முடியாது.

மார்கழியில் சறுக்கினேன். வெயில் சுடவில்லையே என்று மதியப் பூச்சை விட்டேன். ஜனவரிப் படத்துக்கும் டிசம்பர்ப் படத்துக்கும் வித்தியாசமே இல்லை. சூடு குறைவதும் புற ஊதாக் கதிர் குறைவதும் ஒன்றல்ல. மறுபடி ஒழுங்காகப் பூச ஆரம்பித்த பிறகு பிப்ரவரி இறுதியில் எண்ணினால் ஏழு மறைந்திருந்தன. ஜூனில் பதினைந்து. 2024 டிசம்பரில் இருபது. அக்கினி நட்சத்திர வாரங்களிலும் பின்னடைவு இல்லை. என் அனுபவத்தில், தினமும் விடாமல் பூசினாலும் ஆறு மாதத்துக்கு முன்பு மற்றவர் கண்ணில் படும் மாற்றம் எதுவும் இல்லை. நான்கு வாரத்தில் மாறும் என்று எழுதியிருக்கும் பெட்டிகளைப் பார்த்தால் இப்போது எனக்குச் சிரிப்பு வருகிறது.

அடாபலீனைக் கர்ப்பிணிகள் பூசக் கூடாது. இந்தப் பட்டியலை அப்படியே எடுத்துக்கொள்ளும் முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மிச்சம் இருப்பவை அந்தச் சாம்பல் நிற மூன்றுதான். இருபத்தொரு மாதத்தில் அவை துளியும் அசையவில்லை. லேசர் செய்யலாமா என்று கேட்டேன். நம் தோலில் லேசரின் சூடே புதுக் கறையைக் கிளப்பும் அபாயம் உண்டு, மூன்று புள்ளிக்காக அதை நான் செய்ய மாட்டேன் என்றார் மருத்துவர். நானும் விட்டுவிட்டேன்.