3.6 மீட்டர் அறைக்கு மூன்று தளங்கள்: காங்கிரீட் கணக்கும் பிளாக் கணக்கும்

பெங்களூருவில் முப்பதுக்கு நாற்பது மனையில் ஏற்கெனவே நிற்கும் வீட்டின் மொட்டை மாடியில் ஓர் அறை எழுப்புவது இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் பலரும் மேற்கொள்ளும் வேலை. அந்த அறைக்குக் கூரையாக எந்தத் தளம் போடுவது என்ற பேச்சு எழும்போது, கீழ்ப்பகுதியில் இலகுவான பொருளை நிரப்பிய ஃபில்லர் ஸ்லாப் போட்டால் காங்கிரீட்டில் முப்பது சதவீதம் மிச்சம் என்றும், மெல்லிய தட்டைக் குறுகலான விட்டங்கள் தாங்கும் ரிப் ஸ்லாப் போட்டால் நாற்பது சதவீதம் மிச்சம் என்றும் சொல்லப்படுகிறது. இந்தச் சதவீதங்கள் எதனோடு ஒப்பிட்டுக் கிடைத்தவை என்பதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. பெரும்பாலும் அதே கனமுள்ள முழுத் தளத்தோடு ஒப்பிட்டே அவற்றைச் சொல்கிறார்கள். வீட்டுக்காரர் ஒப்பிட வேண்டியதோ, அதே நீள இடைவெளிக்கு உண்மையில் தேவைப்படும் முழுத் தளத்தோடு. இரண்டும் ஒன்றல்ல என்பதை ஓர் அறையின் கணக்கைக் கொண்டே பார்க்கலாம்.

அறையின் உள்ளளவு 3.6 மீட்டருக்கு 4.8 மீட்டர், சுற்றிலும் 200 மி.மீ. பிளாக் சுவர், தளம் சுவரின் முழு அகலத்திலும் அமர்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் தளத்தின் வெளியளவு 4.0 மீட்டருக்கு 5.2 மீட்டர், பரப்பு 20.8 சதுர மீட்டர். நான்கு பக்கமும் சுவரில் சும்மா அமரும் தளத்துக்கு 150 மி.மீ. கனம் போதுமானது, காங்கிரீட் கட்டுமானத்துக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456 சொல்லும் நீள–ஆழ விகிதத்துக்குள் அது வசதியாக அடங்கும். காங்கிரீட் 3.12 கன மீட்டர், எடை ஏறத்தாழ 7.8 டன். நமது அளவுகோல் இதுதான்.

ஃபில்லர் ஸ்லாபின் அடிப்படை எளிது. தளம் வளையும்போது மேற்பகுதி அழுத்தத்தையும் கீழே உள்ள கம்பி இழுவையையும் தாங்குகின்றன; நடுவிலிருந்து கீழே உள்ள காங்கிரீட் இழுவைக்கு உதவுவதில்லை, கம்பியைப் பிடித்துக்கொள்வதற்கும் வெட்டு விசைக்கும் மட்டுமே தேவைப்படுகிறது. நமது 150 மி.மீ. தளத்தில் 8 மி.மீ. கம்பி 200 மி.மீ. இடைவெளியில் இருந்தால், அன்றாடப் பாரத்தில் அழுத்தத்தில் இருப்பது மேலிருந்து சுமார் 26 மி.மீ. மட்டுமே. ஆகவே மேலே 50 மி.மீ. காங்கிரீட்டை அப்படியே வைத்துக்கொண்டு, கீழே 100 மி.மீ. உயரத்துக்கு இலகுவான பொருளை நிரப்புவதில் தவறில்லை. பழைய மங்களூர் ஓடும் இதற்குப் பயன்படும். இங்கே எண்ணிப் பார்க்க எளிதான 600×200×100 மி.மீ. ஏ.ஏ.சி. என்னும் நுண்துளை இலகு காங்கிரீட் பிளாக்கை எடுத்துக்கொள்கிறேன்.

இரண்டு பிளாக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் 600×400 மி.மீ. கட்டம் கிடைக்கும். கட்டங்களுக்கு நடுவே இரு திசையிலும் 100 மி.மீ. அகலக் காங்கிரீட் பட்டையாக ரிப் ஓடும். கம்பிகள் அந்த ரிப்பில்தான் படுக்கும். நீளவாட்டில் ஆறு கட்டங்களும் ஐந்து ரிப்களும் சேர்ந்து 4.1 மீட்டர் ஆகின்றன, மீதி இரு ஓரத்திலும் 350 மி.மீ. அகலவாட்டிலும் ஆறு கட்டங்களும் ஐந்து ரிப்களும் 2.9 மீட்டர் ஆகின்றன, அங்கும் ஓரத்துக்கு 350 மி.மீ. மிஞ்சுகிறது. ஏழாவது வரிசையைத் திணித்தால் அகலவாட்டில் ஓரம் 100 மி.மீ. ஆகச் சுருங்கிவிடும், சுவருக்கு அருகில் வெட்டு விசை மிகுதியாக இருப்பதால் அங்கே முழுக் காங்கிரீட் வேண்டும், அந்த ஆசை வேண்டாம். ஆக 36 கட்டங்கள், 72 பிளாக்குகள், 0.864 கன மீட்டர் நிரப்பு. காங்கிரீட் 2.26 கன மீட்டராகக் குறைகிறது. மிச்சம் 28 சதவீதம். சுவரின்மேல் அமரும் பகுதியைக் கணக்கில் சேர்க்காமல் உள்ளளவை மட்டும் எடுத்தால் இதே மிச்சம் 33 சதவீதமாகத் தெரியும். மேஸ்திரி முப்பது என்று சொல்வதில் பொய்யில்லை, ஆனால் அவர் எதை அளந்தார் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

சிக்கல் இனிமேல்தான் தொடங்குகிறது. கீழ்ப்பகுதியைக் குடைந்த தளம் முழுத் தளத்தைவிடச் சற்று அதிகமாகத் தொய்யும். அதனால் ஐ.எஸ். 456, ரிப்பின் அகலம் மேல் தட்டின் அகலத்தில் பத்தில் மூன்று பங்குக்கு மேற்படாதபோது அனுமதிக்கப்பட்ட நீள–ஆழ விகிதத்தை 0.8 ஆல் பெருக்கச் சொல்கிறது. நமது ரிப் 100, மையத்துக்கு மையம் 500; விகிதம் 0.2 என்பதால் இந்தக் குறைப்பு முழுமையாக விழுகிறது. ரிப் இரு திசையிலும் ஓடுவதால் தொய்வு குறையும் என்று பொறியாளர் கணக்கிட்டுக் காட்டினால் 150 மி.மீ. நிற்கலாம். காட்ட முடியாவிட்டால் ஓர் அங்குலம் கூட்டி 175 மி.மீ. ஆக்கி, 125 மி.மீ. பிளாக் வைப்பதே சரி. அப்போது பிளாக் எண்ணிக்கை அதே 72, காங்கிரீட் 2.56 கன மீட்டர், மிச்சம் 18 சதவீதம். அந்த ஓர் அங்குலம் மிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது.

ஒரே திசையில் ஓடும் ரிப் ஸ்லாபில் இந்த விளைவு இன்னும் கடுமை. முழுப் பாரமும் 3.6 மீட்டர் வாட்டிலேயே செல்வதால், 0.8 குறைப்போடு கம்பி வரையிலான ஆழம் 170 மி.மீ.க்கு மேல் தேவைப்படும். மொத்தக் கனம் 200 மி.மீ. ஆகிறது. 150 மி.மீ. உயரப் பிளாக்குகளை இரண்டிரண்டாக, ரிப்பின் வாட்டில் ஐந்து நீளம் அடுக்கினால் 3.0 மீட்டர், இரு முனையிலும் 300 மி.மீ. முழுக் காங்கிரீட். குறுக்கே ஒன்பது வரிசையும் எட்டு ரிப்பும் 4.4 மீட்டர், ஓரத்துக்கு 200 மி.மீ. மொத்தம் 90 பிளாக்குகள், 1.62 கன மீட்டர் நிரப்பு. 200 மி.மீ. முழுத் தளத்தின் 4.16 கன மீட்டரோடு ஒப்பிட்டால் 39 சதவீதம் மிச்சம். விளம்பரத்தில் வரும் நாற்பது இதுதான். ஆனால் இந்த அறைக்கு 200 மி.மீ. முழுத் தளத்தை யாரும் போடப்போவதில்லையே. போடவிருந்த 150 மி.மீ. தளத்தோடு ஒப்பிட்டால் மிச்சம் 19 சதவீதம்தான்.

| தளம் | கனம் (மி.மீ.) | பிளாக் | காங்கிரீட் (க.மீ.) | எடை (டன்) |
|---|---|---|---|---|
| முழுத் தளம் | 150 | இல்லை | 3.12 | 7.8 |
| ஃபில்லர் | 150 | 72 | 2.26 | 6.2 |
| ஃபில்லர் | 175 | 72 | 2.56 | 7.1 |
| ரிப் | 200 | 90 | 2.54 | 7.4 |

எடைக் கணக்கில் காங்கிரீட்டுக்குக் கன மீட்டருக்கு 2.5 டன்னும், ஈரத்தோடு கூடிய ஏ.ஏ.சி.க்கு 0.65 டன்னும் எடுத்திருக்கிறேன். பழைய வீட்டின்மேல் ஏறும் அறைக்கு 1.6 டன் குறைவது கவனிக்கத்தக்க பயன். ரிப் ஸ்லாபில் அது 0.4 டன்னாகச் சுருங்கிவிடுவதால், இந்த அளவு அறைக்கு அதைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை.

பணக் கணக்கு இன்னும் கசப்பானது. நிரப்பும் பிளாக் இலவசமாக வருவதில்லை. ஒரு கன மீட்டர் ஏ.ஏ.சி.யின் விலை அதே அளவு காங்கிரீட்டின் விலையில் முக்கால் பங்கு என்று கொண்டால், 150 மி.மீ. ஃபில்லர் ஸ்லாபில் கையில் நிற்பது 0.2 கன மீட்டர் காங்கிரீட்டின் விலை மட்டுமே. 175 மி.மீ. ஆனால் அதே அளவுக்கும் சற்று மேலாகக் கூடுதல் செலவாகும். ரிப் ஸ்லாபில் 0.6 கன மீட்டருக்கு மேல் நட்டம். இடித்த வீட்டிலிருந்து மலிவாகக் கிடைக்கும் மங்களூர் ஓட்டை நிரப்பினால் நிலைமை மாறும், ஏனெனில் அப்போது நிரப்பின் விலை ஏற்றுக்கூலியோடு முடிந்துவிடும். ஆகவே புதிய பிளாக் வாங்கி நிரப்புபவர் எடைக்காகச் செய்யலாம், காசுக்காகச் செய்யக் கூடாது என்பதே என் கருத்து.

ரிப் ஸ்லாபுக்கு உரிய இடம் நீண்ட இடைவெளி. 6 மீட்டர் ஹாலுக்கு முழுத் தளம் ஏறத்தாழ 250 மி.மீ. கேட்கும். அதற்கு ரிப் ஸ்லாப் 310 மி.மீ. ஆனாலும், மேலே 60 மி.மீ. தட்டும் கீழே 250 மி.மீ. ஆழ ரிப்பும் சேர்ந்து, ஓரங்களை விட்டு நடுப்பகுதியில் சதுர மீட்டருக்கு 0.11 கன மீட்டர் காங்கிரீட் போதும்; முழுத் தளத்துக்கு 0.25. சதுர மீட்டருக்குச் சுமார் 220 கிலோ எடை குறைகிறது. அங்கேயும் ஏ.ஏ.சி. வாங்கி நிரப்பினால் பணத்தில் ஏறக்குறைய சமம்தான்; கழற்றி மறுபடி பயன்படுத்தும் அச்சுகள் வைத்தால்தான் காசும் மிஞ்சும். ரிப்பின் அகலம் 65 மி.மீ.க்குக் குறையக் கூடாது, ஆழம் அகலத்தின் நான்கு மடங்கைத் தாண்டக் கூடாது, ரிப்களின் இடைவெளி 1.5 மீட்டரை மீறக் கூடாது என்ற விதிகளுக்குள் இது அடங்கியே நிற்கிறது.

காகிதத்தில் உள்ள 2.26 கன மீட்டர் தளத்திலும் 2.26 ஆக இறங்க வேண்டுமானால் வார்ப்பு நாளில் இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும். காய்ந்த ஏ.ஏ.சி. பிளாக் காங்கிரீட்டின் தண்ணீரை உறிஞ்சி ரிப்பைப் பொந்தாக்கும். அதனால் வைப்பதற்கு முன் தண்ணீர் தெளித்து ஈரமாக்க வேண்டும், ஆனால் மேலே தண்ணீர் தேங்கக் கூடாது. ரிப்புக்கு 12 மி.மீ. ஜல்லியும் 25 மி.மீ. ஊசி வைப்ரேட்டரும் பொருந்தும். இரண்டாவது, பிளாக் மிதப்பது. ஒரு பிளாக்கின் எடை எட்டுக் கிலோவுக்குள். அதன் இடத்தை அடைக்கும் பச்சைக் காங்கிரீட் 29 கிலோ. அடியில் சிமென்ட் பால் புகுந்துவிட்டால் பிளாக் கிளம்பி நகர்ந்து, பக்கத்து ரிப் 100 மி.மீ.யிலிருந்து 70 ஆகக் குறுகும், கம்பி பிளாக்கில் ஒட்டிக்கொள்ளும். ஜோடியைக் கட்டுக்கம்பியால் கட்டி, ரிப்பில் கவர் பிளாக்கை ஆப்பாக வைத்து, முதலில் ரிப்களைப் பாதி உயரத்துக்கு நிரப்பிவிட்டு அதன் பிறகே மேல் தட்டை ஊற்ற வேண்டும். ஃபேன் கொக்கியும் லைட் பெட்டியும் வரும் இடங்களைச் சென்ட்ரிங் பலகையில் முன்கூட்டியே சாக்பீஸால் குறித்து, அங்கே கட்டத்தை விட்டுவிட வேண்டும். விடும் ஒவ்வொரு கட்டத்துக்கும் 0.024 கன மீட்டர் காங்கிரீட் கூடும்.

ஊற்றி முடித்ததும் இறங்கிய காங்கிரீட்டைக் கணக்கோடு ஒத்துப்பார்ப்பது நல்ல சோதனை. சென்ட்ரிங் சராசரியாக 5 மி.மீ. தாழ்ந்தாலே இந்தப் பரப்பில் 0.10 கன மீட்டர் கூடுதலாக விழுங்கும். 2.4 வரை போனால் தாழ்வும் விடுபட்ட கட்டங்களும் காரணம் என்று கொள்ளலாம். 2.7ஐத் தொட்டால் மேல் தட்டு 50க்குப் பதிலாக 70 மி.மீ. ஆகியிருக்கிறது என்று பொருள். அதைக் கெட்டியாவதற்கு முன் ஒரு கம்பியைக் குத்தி அளந்தே அறிந்துவிடலாம். குறிக்கப்பட்ட அளவைவிடக் குறைவாக இறங்கியிருந்தால் இன்னும் கவலைப்பட வேண்டும்: எங்கோ ரிப் நிரம்பவில்லை, சென்ட்ரிங் பிரித்த அன்று பிளாக்குகளின் நடுவே அந்தப் பொந்து தெரியும்.