ஈரத்துணியா, ஃப்ளோரைடு இல்லாத பேஸ்ட்டா, அரிசி அளவு ஃப்ளோரைடு பேஸ்ட்டா?

குழந்தையின் பால் பற்களைச் சுத்தம் செய்ய, என் மூத்தவளுக்கு முதலில் ஈரத்துணி, பிறகு 'விழுங்கினாலும் பரவாயில்லை' என்று எழுதியிருக்கும் ஃப்ளோரைடு இல்லாத பேஸ்ட். சின்னவனுக்கு முதல் பல் எட்டிப் பார்த்த வாரத்திலிருந்தே ஃப்ளோரைடு பேஸ்ட், அரிசி அளவு. இரண்டு வழியிலும் நடந்து பார்த்தவள் என்பதால் நான் எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அரிசி அளவுதான்.

பக்கம் மாறியதற்குக் காரணம் மூத்தவளின் மேல் முன்பற்கள். அவளுக்கு அப்போது பதினான்கு மாதம். வேறு எதற்கோ வாயைப் பார்த்த பல் மருத்துவர், "மேல் உதட்டைத் தூக்கிப் பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டார். இல்லை. அவர் தூக்கி, பற்களைப் பஞ்சால் ஒற்றி உலர்த்தியதும் நான்கு பற்களிலும் ஈறை ஒட்டி ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது, சாக்பீஸால் கிழித்தது போல. சொத்தையின் தொடக்கம் அது. எச்சில் ஈரத்தில் கண்ணுக்கே படாது. கீழ்ப் பற்கள் பளிச்சென்று இருந்ததால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பால் பாட்டிலோடு தூங்கும் குழந்தைகளுக்கு வரும் பாட்டில் சொத்தையின் தந்திரமே இதுதான். குழந்தை உறிஞ்சும்போது நாக்கு கீழ்ப் பற்களை மூடிக்கொள்கிறது, அங்கே எச்சிலும் அதிகம் ஊறுகிறது. பால் போய்த் தேங்குவது மேல் முன்பற்களைச் சுற்றி.

ஈரத்துணியைக் குறை சொல்ல மாட்டேன். பல் முளைக்கும் முன் ஈறைத் துடைக்க அது போதும். பல் வந்த பிறகு துணி பல்லின் முகத்தைத் துடைக்கிறது, ஈறோரத்தை விட்டுவிடுகிறது. சொத்தை தொடங்குவதோ அந்த ஓரத்தில்தான். விரலில் மாட்டும் சிலிக்கோன் பிரஷும் என் கையில் ஏறக்குறைய அதே கதை, கூடுதலாகக் கடியும் கிடைக்கும்.

ஃப்ளோரைடு இல்லாத பேஸ்ட்டில் அழுக்கை எடுப்பது பிரஷ்தான். பேஸ்ட் தருவது ருசி. அதைத் தடவியதால் பாதுகாப்பு வந்துவிட்டது என்ற நிம்மதி எனக்கு வந்தது. அதுதான் அதன் கெடுதல்.

ஃப்ளோரைடு செய்வது வேறு வேலை. பாலில் உள்ள சர்க்கரையை வாய்க் கிருமிகள் அமிலமாக்குகின்றன. அமிலம் பல்லின் மேற்பூச்சிலிருந்து கால்சியத்தை உருவுகிறது. எச்சில் அதைத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கிறது. அந்தச் சமயத்தில் பல்லின் மேல் கொஞ்சம் ஃப்ளோரைடு இருந்தால் சேர்மானம் வேகமாக நடக்கிறது, சேர்ந்த பூச்சும் அமிலத்துக்கு முன்பைவிட அதிகம் தாக்குப்பிடிக்கிறது.

சரி, விழுங்கிவிடுமே? எனக்கும் இருந்த பயம்தான். கணக்கைப் போட்டுப் பார்த்தபின் குறைந்தது. பேஸ்ட்டின் வீரியம் 1000 பிபிஎம் என்றால் ஒரு கிராம் பேஸ்ட்டில் ஒரு மில்லிகிராம் ஃப்ளோரைடு. அரிசி அளவு ஏறக்குறைய 0.1 கிராம், அதாவது முழுவதையும் விழுங்கினாலும் 0.1 மில்லிகிராம். பட்டாணி அளவு 0.25 கிராம்; அது மூன்று வயது முடிந்த பிறகு. விளம்பரப் படங்களில் வருவது போல பிரஷ் நீளத்துக்குப் பிதுக்கினால் இதைப் போலப் பல மடங்கு போய்விடும். அளவில் கறாராக இருக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு: நிரந்தர முன்பற்கள் இந்த முதல் மூன்று வருடங்களில்தான் தாடைக்குள் உருவாகின்றன. தினமும் அதிகமாக விழுங்கினால் அவை பின்னாளில் வெள்ளைத் திட்டுகளோடு முளைக்கலாம். குடிக்கும் நிலத்தடி நீரிலேயே ஃப்ளோரைடு அதிகமுள்ள இடமென்றால் அதையும் பல் மருத்துவரிடம் சொல்லிக் கேட்க வேண்டும்.

இடையில் ஒரு சமரச வழியும் உண்டு: 500 பிபிஎம் குழந்தைகள் பேஸ்ட். நானும் யோசித்தேன். அதைப் பட்டாணி அளவு வைத்தால் விழுங்குவது 0.125 மில்லிகிராம், அரிசி அளவு 1000 பிபிஎம்மைவிடக் கொஞ்சம் அதிகமே. பல்லில் படும் வீரியமோ பாதி. வயிற்றுக்குள் போவதைத் தீர்மானிப்பதில் அளவுக்குப் பெரிய பங்கு, பல்லைக் காப்பது வீரியம். ஆகவே வீரியத்தைக் குறைக்காமல் அளவைக் குறைப்பதே எனக்கு நியாயமாகப் பட்டது.

ஆனால் எந்தப் பேஸ்ட் என்பதைவிட, இரவில் பல்லின் மேல் கடைசியாக எது படுகிறது என்பதுதான் முடிவு செய்கிறது. தூங்கும்போது எச்சில் ஊறுவது வெகுவாகக் குறைந்துவிடும். பாட்டிலோடு தூங்கிய குழந்தையின் பல்லில் தங்கிய பாலைக் கழுவ ஆளில்லை. பால் முடித்து, தேய்த்து, படுத்தால் அதே மணிநேரங்கள் ஃப்ளோரைடின் பக்கம் வேலை செய்கின்றன. குழந்தைக்குக் கொப்பளிக்கத் தெரியாதது இங்கே வசதி: மிச்சத்தைத் துணியால் ஒற்றி எடுத்தால் போதும், தண்ணீர் வேண்டாம். தேய்த்த பிறகு பாட்டில் கொடுத்தால் மட்டும் எல்லாம் வீண்.

மூத்தவளிடம் அந்த இரவுப் பாட்டிலை ஒரேயடியாக நிறுத்திப் பார்த்தோம். ஒரு இரவுகூடத் தாங்கவில்லை. பிறகு இரண்டு இரவுக்கு ஒருமுறை பாலைக் குறைத்து அதே அளவு தண்ணீர் சேர்த்தோம். 150 மில்லியில் முதலில் 120 பால், 30 தண்ணீர். அடுத்து 90, 60. அப்புறம் 60, 90. பிறகு 30, 120. ஒன்பதாம் இரவு வெறும் தண்ணீர். அவளே பாட்டிலைத் தள்ளிவிட்டாள். பகலில் குடிக்க வேண்டிய பால் தம்ளரில் குறையாமல் போனது. ஒரு வயதுக்குள் இதைச் செய்யக்கூடாது, பவுடர் பாலை நீர்க்கக் கரைப்பது அந்த வயதில் ஆபத்து. அவர்களுக்கு மடியில் வைத்தே பாலை முடித்துவிட்டு, பல்லைத் தேய்த்துப் படுக்க வைக்கலாம். இரவில் தாய்ப்பாலுக்கு எழும் குழந்தைகளைப் பற்றி என் அனுபவத்திலிருந்து பேச முடியாது, என் இரண்டும் பாட்டில் குழந்தைகள்.

தேய்க்கும் முறை சுருக்கமாக: இருவர் முழங்காலோடு முழங்கால் ஒட்டி எதிரெதிரே உட்கார வேண்டும். குழந்தை ஒருவரின் இடுப்பைக் கால்களால் கட்டிக்கொண்டு மற்றவர் மடியில் தலை சாய்க்கும். தலைப்பக்கம் இருப்பவர் உதட்டைத் தூக்கி, மேல் முன்பற்களின் ஈறோரத்தில் தொடங்க வேண்டும். பொறுமை தீர்ந்து அலறும்போது முக்கியமான இடமாவது முடிந்திருக்கும்.

மூத்தவளுக்குத் தினம் இருமுறை அரிசி அளவு பேஸ்ட், கூடவே மருத்துவர் தடவிய ஃப்ளோரைடு வார்னிஷ். மங்கலான வெள்ளை என்றால் அரிப்பு நடந்துகொண்டிருக்கிறது, பளபளப்பு திரும்பினால் நின்றுவிட்டது என்று பார்க்கச் சொல்லியிருந்தார். மூன்று பற்களில் பளபளப்பு வந்தது. நான்காவது பழுப்பாகி மெத்தென்று ஆனது, அடைக்க வேண்டியதாயிற்று. சின்னவனுக்கு இப்போது இரண்டு வயது. மாதம் ஒருமுறை உதட்டைத் தூக்கி, துணியால் உலர்த்திப் பார்க்கிறேன். இதுவரை கோடு இல்லை.